மினிஃபிக்ஸ் திரும்பவே மாட்டேங்குது, பலகை நொறுங்காம எப்படிக் கழட்டுறது?

நிலாமுற்றம்

வீடு மாத்துறோம். மூணு கதவு வார்ட்ரோப் ஒண்ணு இருக்கு, ஆன்லைன்ல வாங்கினது, நாமளே பூட்டிக்கிற மாதிரி வந்தது. பார்ட்டிகிள் போர்டு, மேல வெள்ளை மெலமைன், கனம் 18 மி.மீ. முழுசா லிஃப்ட்ல போகாதுங்கிறதால பிரிக்க ஆரம்பிச்சோம்.

பலகைகளைப் பிடிச்சு இழுக்கிற அந்த வட்டமான வெள்ளி நிற கேம் லாக் மொத்தம் 16. அதுல 14 இடது பக்கமா அரைச் சுத்துக்குள்ள கழண்டுடுச்சு. மீதி ரெண்டும் கீழ்த்தட்டுல, இடது பக்கப் பலகையோட சேர்ற மூலையில இருக்கு. பின்னாடி இருக்கிறதுல காடி நல்லா இருக்கு, ஆனா அசையவே மாட்டேங்குது. முன்னாடி இருக்கிறதுல ஸ்க்ரூடிரைவர் வழுக்கி வழுக்கி பிளஸ் காடியே குண்டு குழி ஆயிடுச்சு. தரை துடைக்கிற தண்ணி பட்டோ என்னவோ, அந்த முன் மூலை லேசா உப்பியும் இருக்கு.

வார்ட்ரோப் இப்ப நிமிர்ந்துதான் நிக்குது, மேல் தட்டை எடுத்தாச்சு. பலகை உடையாம இந்த ரெண்டையும் எப்படி எடுக்கிறது?

தட்டான்பூச்சி

சிம்பிள். WD-40 நல்லா அடிச்சு பத்து நிமிஷம் விடுங்க. காடி தேஞ்சதுக்கு ஒரு அகலமான ரப்பர் பேண்டை வெச்சு அது மேல டிரைவரை அழுத்தித் திருப்புங்க. அதுக்கும் வரலன்னா டிரில் மெஷின்ல பிட் மாட்டி ரிவர்ஸ்ல ஒரு தட்டு தட்டுங்க, வந்துடும். இன்னொண்ணு, திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு நூல் இறுக்கிட்டு அப்புறம் தளர்த்திப் பாருங்க. எந்த ஸ்க்ரூவுக்கும் இது வேலை செய்யும்.

சாவிக்கொத்து

கேம் லாக்னா சாவி துவாரத்துல கொஞ்சம் கிராஃபைட் பவுடர் போடுங்க மேடம். எண்ணெய் போடாதீங்க, தூசி சேர்ந்து உள்ள இருக்கிற பின் எல்லாம் ஒட்டிக்கும். சாவியே தொலைஞ்சிருந்தா பின்பக்கம் நட்டைக் கழட்டினா பூட்டு முழுசா வெளிய வந்துடும்.

நிலாமுற்றம்

அண்ணா, நீங்க சொல்றது டிராயர் பூட்டு. இதுல சாவி எதுவும் இல்ல. பலகையும் பலகையும் சேர்ற இடத்துல வட்டக் குழிக்குள்ள உட்கார்ந்திருக்கிற உலோக வில்லை.

உளிச்சத்தம்

குழப்பத்துக்குக் காரணம் பேருதான். கடையில கேம் லாக்னு கேட்டா டிராயர் பூட்டைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க. இதை மினிஃபிக்ஸ்னு கேக்கணும்.

நிலாமுற்றம், ஸ்ப்ரே வேண்டாம், டிரில்லும் வேண்டாம், இப்போதைக்குக் கையை எடுத்துடுங்க. உங்க ரெண்டு வில்லையும் துருப்பிடிச்சு மாட்டிக்கல. அது துத்தநாகக் கலவை வார்ப்பு, வீட்டுக்குள்ள இரும்பு மாதிரி துருப்பிடிச்சு இறுகாது. மாட்டினதுக்குக் காரணம் நீங்க எழுதின கடைசி வரியிலயே இருக்கு: 14-ஐக் கழட்டியாச்சு, மேல் தட்டு இல்ல, வார்ட்ரோப் நிமிர்ந்து நிக்குது.

உள்ள என்ன நடக்குதுன்னா, பக்கப் பலகையில திருகின ஒரு இரும்பு போல்ட் கீழ்த்தட்டோட ஓரத் துளை வழியா உள்ள வந்து, தலையை வில்லைக்குள்ள நீட்டிட்டு இருக்கும். வில்லைக்குள்ள இருக்கிற பள்ளம் ஒரே வட்டமா இருக்காது, சுத்தச் சுத்த மையம் விலகிக்கிட்டே போகும். அதனால வலப் பக்கம் திருப்பத் திருப்ப அந்தத் தலையைக் கொக்கி போட்டு உள்ள இழுக்கும். எவ்வளவு இழுவை போல்ட்ல இருக்கோ அவ்வளவு உராய்வு வில்லையில இருக்கும். இப்ப உங்க இடது பலகையை மேல பிடிக்க ஆள் இல்ல. கிட்டத்தட்ட ஆறடிப் பலகை கொஞ்சமா வெளிப்பக்கம் சாஞ்சாலும், அந்தச் சாய்வு முழுசும் கீழ இருக்கிற ரெண்டு போல்ட் மேல கடப்பாரை போட்டு நெம்புற மாதிரி விழும். அந்த இழுவையோட எந்த டிரைவரை வெச்சுத் திருப்பினாலும் முதல்ல தேயுறது மெத்தென்ற காடிதான். முன்னாடி இருக்கிறது அப்படித்தான் போயிருக்கணும்.

அதனால முதல் வேலை இழுவையை எடுக்கிறது. ரெண்டு பேர் சேர்ந்து பக்கப் பலகைகளை நேரா பிடிச்சுக்கிட்டு மொத்தத்தையும் முதுகு தரையில படுற மாதிரி படுக்க வையுங்க. முதுகுத் தகடு, அந்த 3 மி.மீ. பலகை, இன்னும் ஆணியில இருந்தா கழட்டாதீங்க. அதுதான் இப்ப சட்டத்தைச் சதுரமா வெச்சிருக்கு. அப்புறம் வலது பக்கப் பலகையைச் சுவரோட ஒட்டி நிறுத்துங்க, நடுவுல ஒரு போர்வையை மடிச்சு வையுங்க. ஒருத்தர் இடது பலகையோட வெளிமுகத்துல, கீழ்த்தட்டு சேர்ற உயரத்துல, ஒரு கட்டையை வெச்சு உள்ளங்காலால சுவர்ப் பக்கம் அழுத்தணும். இன்னொருத்தர் அதே நேரம் பின் வில்லையை இடப் பக்கம் திருப்பணும். இணைப்பு நசுங்கி நெருங்கும்போது போல்ட் தலைக்கும் பள்ளத்துக்கும் நடுவுல நூலளவு இடைவெளி வரும், அந்த நொடியில திரும்பும். வலது ஓரத்துல கீழ்த்தட்டு ஏற்கெனவே கழண்டிருக்கிறதால அங்க இடைவெளி இல்லாம முட்டிக்கிட்டு இருக்கான்னு பார்த்துக்கோங்க, இல்லன்னா நீங்க அழுத்துற அழுத்தம் எங்கயும் போய்ச் சேராது.

டிரைவர் விஷயம். சாதாரண பிளஸ் டிரைவர் இதுக்கு வழுக்கும். வில்லையில பிளஸ் காடிக்கு நடுநடுவுல சின்னக் கோடு நாலு தெரிஞ்சா அது போஸிட்ரைவ் காடி. PZ2 பிட் வாங்குங்க, விலை பெருசா இல்ல. கையால மட்டும். உடம்பு எடையைக் கீழ அழுத்தறதுக்கு வெச்சுக்கோங்க, திருப்பறதுக்கு வெச்சுக்காதீங்க.

ஒரு அரைச் சுத்து, அதுக்குக் கொஞ்சம் மேல போனாலே முழுசா திறந்த மாதிரி. இது ஸ்க்ரூ இல்ல, சுத்திக்கிட்டே இருந்தா மேல ஏறி வராது. வில்லை மேல சின்ன அம்பு இருந்தா அது பலகை ஓரத்தைப் பார்த்து நின்னா திறந்திருக்குன்னு அர்த்தம்.

தட்டான்பூச்சி

துரு இல்லன்னாலும் WD-40 உராய்வைக் குறைக்குமே, அதுல என்ன தப்பு? பலகை ஊறி உப்பிடும்னு பயப்படுறீங்களா?

உளிச்சத்தம்

உப்ப வைக்கிறது தண்ணிதான், எண்ணெய் அந்த மாதிரி உப்ப வைக்காது. அதுல நீங்க சொல்றதை ஒத்துக்கிறேன். என் கவலை வேற. அந்த மூலை ஏற்கெனவே தளர்ந்திருக்கு, கழட்டின பிறகு அங்க பசை ஊத்திக் கெட்டிப்படுத்த வேண்டியிருக்கும். எண்ணெய் குடிச்ச தூள்ல எந்தப் பசையும் பிடிக்காது. இன்னொண்ணு, துளைக்குள்ள அடிச்சா முக்கால்வாசி பலகைதான் குடிக்கும். உராய்ற இடம் வில்லையோட உள்பக்கம், அங்க போய்ச் சேர்றது கொஞ்சம்தான்.

ரப்பர் பேண்ட் யோசனை சின்ன ஸ்க்ரூவுக்குச் சரி. இங்க தேவைப்படுற விசைக்கு ரப்பர் கிழிஞ்சு காடிக்குள்ள மாவாகி நிக்கும். வண்டி மெக்கானிக்கிட்ட வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் ஒரு துளி கிடைச்சா பிட் நுனியில தடவிப் பாருங்க, அதுல இருக்கிற மணல் கடிச்சுப் பிடிக்கும்.

ஒரு நூல் இறுக்கிட்டுத் திறக்கிறது எனக்கு உடன்பாடு இல்ல. ஏற்கெனவே எல்லை வரைக்கும் இறுகின வில்லையை இன்னும் இறுக்கினா பள்ளத்தோட உதடு உடையும்.

தட்டான்பூச்சி

பல தடவை எனக்கு வேலை செஞ்சிருக்கு. உடைஞ்சதில்ல.

லேத்_மணி

ரெண்டும் நடக்கும் தம்பி. வார்ப்பு நல்லா இருந்தா தாங்கும், உள்ள காத்துக்குமிழி இருந்தா அப்படியே பிளக்கும். வெளிய இருந்து பார்த்து எதுன்னு சொல்ல முடியாது.

கனடாக்காரன்

எனக்கும் உதே பிரச்சினைதான். கட்டில் ஒண்டு, தலைமாட்டுப் பலகையும் பக்கச் சட்டமும். அலன் கீ போட்டுச் சுத்தச் சுத்த போல்ட்டும் உள்ளுக்கை இருக்கிற உருளை நட்டும் சேர்ந்தே சுத்துது. அதோட மேசை ஒண்டும் இருக்கு, அதிலை நீங்கள் சொல்லுற வட்ட வில்லை எல்லாத்தையும் திறந்தாச்சு, ஆனாலும் பலகை பிரியேல்ல. ரெண்டுக்கும் நசுக்கிப் பிடிச்சால் சரியா?

உளிச்சத்தம்

கட்டில் வேற கதை அண்ணே. உருளை நட்டோட வெளித்தலையில ஒரு காடி இருக்கும், அதுல தட்டை ஸ்க்ரூடிரைவரை வெச்சு அசையாமப் பிடிச்சுக்கிட்டு அலன் கீயைத் திருப்புங்க. அதுக்கு மேல அதைப் பத்தித் தனி இழை போடுங்க, இங்க பேசினா குழம்பிடும்.

மேசை விஷயம் இந்த இழைக்குச் சம்பந்தம் உண்டு. வில்லை எல்லாம் லேசா ஆடுது, அம்பு ஓரத்தைப் பார்க்குது, ஆனா இணைப்பு பிரியலன்னா குற்றம் வில்லையில இல்ல. பக்கத்துல இருக்கிற 8 மி.மீ. மர ஆப்பு, டவல்னு சொல்றோமே, அதுல பூட்டினவர் பசை வெச்சிருப்பார். சோதிக்க ஒரு வழி: பிளாஸ்டிக் கார்டை இணைப்புக்குள்ள நுழைச்சு ஓரமா இழுத்துக்கிட்டே போங்க. வில்லை பக்கத்துல தாராளமா போயி, டவல் இருக்கிற இடத்துல மட்டும் முட்டினா பசைதான்.

கனடாக்காரன்

சரியாச் சொன்னியள். ரெண்டு இடத்திலை முட்டுது. அப்ப என்ன செய்யிறது?

உளிச்சத்தம்

வெள்ளைப் பசைன்னா சூட்டுக்கு இளகும். தலை காய வைக்கிற டிரையரை அந்த இடத்துல சில நிமிஷம் காட்டி, பலகையைத் தொட்டா சுடுற அளவுக்கு வந்ததும், கட்டை வெச்சு ரப்பர் சுத்தியால நேரா தட்டுங்க. ஆட்டி ஆட்டிப் பிரிக்காதீங்க, டவல் போகும்போது நடுப்பலகையையும் பிச்சுக்கிட்டுப் போகும். ஓரப் பட்டை பிரியாம இருக்கான்னும் பார்த்துக்கோங்க, அதை ஒட்டியிருக்கிற பசையும் சூட்டுல இளகும். நீராவி, தண்ணி ரெண்டும் கூடாது.

நிலாமுற்றம்

நல்ல சேதி. பின்னாடி இருந்த வில்லை திறந்துடுச்சு. என் தம்பி காலால அழுத்தினான், நான் PZ2-ல திருப்பினேன். முதல்ல வரல. கட்டையைக் கீழ்த்தட்டுக்கு நேரா வைக்காம கொஞ்சம் மேல வெச்சிருந்தோம், அதைச் சரி பண்ணி மறுபடி அழுத்தினதும் விரலால திருப்புற மாதிரி வந்துடுச்சு.

முன்னாடி இருக்கிறதுக்கு அதே மாதிரி அழுத்திப் பார்த்தாச்சு. காடியில பிட் நிக்கவே இல்ல, பேஸ்ட் போட்டும் வழுக்குது. PZ3-யும் பார்த்தாச்சு.

தட்டான்பூச்சி

அப்ப பலகைகளுக்கு நடுவுல ஹாக்ஸா பிளேடை விட்டு போல்ட்டையே அறுத்துடுங்க. முடிஞ்சது வேலை.

லேத்_மணி

அறுக்கிறது கடைசி ஆயுதம். இணைப்பு மூடியிருக்கும்போது பிளேடு நுழைய இடம் இருக்காது, ஆப்பு அடிச்சு இடம் பண்ணினா அந்த ஓரம் நசுங்கும். அறுத்த பிறகு போல்ட்டோட மிச்சம் பக்கப் பலகையில தளத்தோட தளமா நின்னுடும், அதைப் பிடிச்சுத் திருக எதுவும் இருக்காது. ஒரு பிரச்சினைக்குப் பதிலா ரெண்டு.

காடி போனா போகட்டும்மா, புதுசா பிடி உண்டாக்கிக்கலாம். சர்க்ளிப் பிளையர் தெரியுமில்ல? பேரிங் பக்கத்துல இருக்கிற வளையத்தைக் கழட்டுறது, நுனியில ரெண்டு சின்ன முள்ளு இருக்கும். நேர் நுனி உள்ளது வேணும். எந்த டூ வீலர் மெக்கானிக்கிட்டயும் இருக்கும், அரை மணி நேரத்துக்கு இரவல் கேளுங்க.

வில்லை விட்டம் 15 மி.மீ. பிளஸ் காடியோட கைகளுக்கு நடுவுல, எதிர் எதிரா ரெண்டு புள்ளி குறிங்க. ஒண்ணுக்கொண்ணு 9 மி.மீ. தூரம். அப்ப ஒவ்வொரு புள்ளிக்கும் வெளி விளிம்புக்கும் நடுவுல 3 மி.மீ. உலோகம் மிச்சம் இருக்கும். கூர்மையான ஆணியைக் கையால அழுத்திச் சுழட்டி ஒரு சின்னக் குழி பண்ணுங்க. சுத்தியால அடிக்காதீங்க, அடி நேரா கீழ இருக்கிற மெல்லிய பலகைக்குப் போகும். அப்புறம் 2.5 மி.மீ. இரும்பு டிரில் பிட். நுனியிலிருந்து 3 மி.மீ.க்கு மேல ஒரு டேப் சுத்திக்கோங்க. மெதுவான வேகம், லேசான அழுத்தம். துத்தநாகம் வெண்ணெய் மாதிரி அறுபடும், சட்டுனு உள்ள விழுந்தா மேல் தகட்டைத் தாண்டிட்டீங்கன்னு அர்த்தம், உடனே நிறுத்துங்க. ரெண்டாவது துளையும் அப்படியே.

தூளை ஊதாதீங்க, கண்ணுல போகும். வேக்யூமால இழுங்க. அப்புறம் தம்பியை மறுபடி காலால அழுத்தச் சொல்லி, பிளையர் முள்ளு ரெண்டையும் துளையில வெச்சு இடப் பக்கம் திருப்புங்க.

உளிச்சத்தம்

மணி அண்ணன் வழி நல்ல வழி. ஒரு எச்சரிக்கை மட்டும். டிரில் சுத்துறது வலப் பக்கம், அது இந்த வில்லை இறுகுற திசை. பிட் எங்கயாவது கடிச்சு நின்னா வில்லையை இன்னும் இறுக்கும். அதனாலதான் மெதுவா போகணும். டிரில் பண்ணும்போதே காலால அழுத்தி இழுவையைக் குறைச்சு வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது.

நானா இருந்தா துளை போடாம, சின்ன அறுப்பு வட்டுள்ள ரோட்டரி கருவியால வில்லை மேல நேர்க்கோடா ஒரு காடி வெட்டி, அகலமான தட்டை ஸ்க்ரூடிரைவரால திருப்புவேன்.

லேத்_மணி

உளி, வட்டு வட்டமா இறங்கும். 15 மி.மீ.க்குள்ள ஆழமான காடி வேணும்னா ரெண்டு பக்கமும் மெலமைனையும் சேர்த்து வெட்டணும். அவங்க பலகையைக் காப்பாத்தத்தான் கேக்குறாங்க.

உளிச்சத்தம்

தட்டோட அடிப்பக்கம்தானே, யார் பார்க்கப் போறா. ஆனா உப்பின மூலைங்கிறதால சரி, உங்க வழியே போகட்டும்.

நிலாமுற்றம்

திறந்துடுச்சு! மெக்கானிக் கடையில பிளையர் கொடுத்தாங்க. ரெண்டாவது துளை கொஞ்சம் கோணலாப் போச்சு, ஆனாலும் பிடிச்சுது. முதல் முயற்சியில பிளையர் வாய் விரிஞ்சு வழுக்கிச்சு. கைப்பிடியைச் சுத்தி ஒரு கயிறு கட்டி விரியாமப் பிடிச்சதும் திரும்பிடுச்சு. பலகையை நேரா இழுத்துப் பிரிச்சாச்சு.

இப்ப அடுத்த தலைவலி. பின் வில்லையைப் பலகையைக் கவிழ்த்து லேசா தட்டினதும் தானா விழுந்துடுச்சு. முன் வில்லை குழியை விட்டு வரவே மாட்டேங்குது. அது கெட்டுப் போச்சு, புதுசு போடணும், அதனால எடுத்தே ஆகணும். உப்பினதுல குழி ஓரம் அதை இறுக்கிப் பிடிச்சிருக்கு. காந்தம் வெச்சுப் பார்த்தேன், ஒட்டவே இல்ல.

தட்டான்பூச்சி

துத்தநாகத்துல காந்தம் ஒட்டாது. போல்ட்ல மட்டும்தான் ஒட்டும். தட்டை ஸ்க்ரூடிரைவரை ஓரத்துல செருகி நெம்புங்க. இல்லன்னா பலகையோட மறுபக்கம் இருந்து ஒரு அடி.

உளிச்சத்தம்

காந்தம் சரி. மத்த ரெண்டும் பலகைக்கு எமன்.

18 மி.மீ. பலகையில இந்தக் குழி சுமார் 13.5 மி.மீ. ஆழம் இருக்கும். அடியில மிச்சம் நாலரை மி.மீ. மறுபக்கம் இருந்து அடிச்சா வில்லை வெளிய வர்றதுக்கு முன்னாடி அந்தத் தோல் வட்டமா பிதுங்கும், மெலமைன் விரிசல் விடும். அது மேல்பக்கம், துணி வைக்கிற பக்கம், கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்.

நெம்புறது அதைவிட மோசம். இந்தப் பலகையில மேலயும் கீழயும் நைஸான தூள் அடுக்கு, இறுக்கமா இருக்கும். நடுவுல பெரிய சீவல், அவல் பொரி மாதிரி. டிரைவர் நுனி ஒரு புள்ளியில ஊனும்போது மேல் அடுக்கு உடைஞ்சு நடு அடுக்குக்குள்ள இறங்கிடும். அப்புறம் வில்லை உட்கார்றதுக்குக் கெட்டியான சுவரே இருக்காது. ஓரத் துளை வழியா கம்பியை விட்டு வில்லையைத் தூக்குறதும் அதே கதைதான், 8 மி.மீ. துளை நீள்வட்டமாகிடும்.

முதல்ல ஃபேனுக்கு நேரா ஒரு நாள் காய விடுங்க. உப்பல் முழுசா அடங்காது, ஆனா பிடி கொஞ்சம் தளரும். அப்புறம் கட்டர் பிளேடை நேரா நிறுத்தி வில்லையைச் சுத்தி ஒரு வட்டம் கீறுங்க. ஓரத்துல ஏறி நிக்கிற மெலமைனும் சீவலும் வெட்டுப்பட்டா பாதி பிடி போயிடும். சர்க்ளிப் பிளையரால இடமும் வலமும் பத்து தடவை ஆட்டிப் பாருங்க. இப்ப போல்ட் இல்லாததால முழுசாவே சுத்தலாம்.

நிலாமுற்றம்

காய வெச்சு, கீறி, ஆட்டினேன். நல்லா சுத்துது. ஆனா மேல வரல. பிளையரால தூக்கினா குழி ஓரமும் சேர்ந்து லேசா எழும்புது, பயந்து விட்டுட்டேன்.

லேத்_மணி

ஓரம் எழும்பினதும் நிறுத்தினது நல்லதாப் போச்சு. வில்லையைத் தூக்கணும், அதே நேரம் சுத்தியிருக்கிற ஓரத்தைக் கீழ அழுத்திப் பிடிக்கணும். பேரிங் இழுக்கிற கணக்குதான்.

ஸ்பேனர் செட்ல 19 மி.மீ. சாக்கெட் எடுங்க, அரை இன்ச் டிரைவ் உள்ளது. வாயை வில்லை மேல கவிழ்த்தா வில்லை உள்ள அடங்கும், சாக்கெட்டோட விளிம்பு குழி ஓரத்துல வளையமா உட்காரும். மெலமைன்ல தழும்பு விழாம இருக்க நடுவுல துளை போட்ட ஒரு அட்டையை வெச்சுக்கோங்க.

தேஞ்சுபோன காடியோட நடுவுல 5 மி.மீ. பிட்டால ஒரு துளை, மேல் தகடு வரைக்கும் மட்டும். நுனியிலிருந்து 6 மி.மீ.ல டேப் சுத்திக்கோங்க. அந்தத் துளைக்குள்ள மரை வெட்டுற கருவி, M6 டேப்னு சொல்வாங்க, அதை இறக்கி மரை போடுங்க. லேத் பட்டறையில ரெண்டு நிமிஷ வேலை, பலகையையே தூக்கிட்டுப் போகலாம். M6 மரை ஒரு சுத்துக்கு 1 மி.மீ. ஏறும், மூணு மரை கடிச்சாலே போதும். அதுல 70 மி.மீ. நீள M6 முழுமரைக் கம்பியைத் திருகுங்க. கம்பி சாக்கெட்டோட பின்பக்கச் சதுரத் துளை வழியா வெளிய வரும். மேல ஒரு பெரிய வாஷர், ஒரு நட்.

கம்பியோட தலையைப் பிளையரால அசையாமப் பிடிச்சுக்கிட்டு நட்டை மட்டும் 10 மி.மீ. ஸ்பேனரால திருப்புங்க. கம்பி சுத்தினா வில்லையும் சேர்ந்து சுத்தும், மேல ஏறாது. கால் சுத்து, நிறுத்திப் பாருங்க, மறுபடி கால் சுத்து. அஞ்சாறு மி.மீ. ஏறிட்டா சாக்கெட்டை எடுத்துட்டுக் கையால பிடுங்கிடலாம்.

மரை பிய்ஞ்சுட்டா அதுக்கு மேல அதே இடத்துல முயற்சி பண்ணாதீங்க, சொல்லுங்க.

சாவிக்கொத்து

இது நல்லா இருக்கே. நான் டிராயர் பூட்டுன்னு நினைச்சு உளறினதை மன்னிச்சுக்கோங்க. ஆனா கேம் லாக்னு கேட்டு எங்க கடைக்கு வர்ற பாதிப் பேரு இதைத்தான் தேடி வர்றாங்கன்னு இப்பதான் புரியுது.

நிலாமுற்றம்

வந்துடுச்சு. பட்டறையில மரை போட்டுக் கொடுத்தாங்க. ஏழெட்டு கால் சுத்துக்கு அப்புறம் ‘டிக்’னு ஒரு சத்தம், உடைஞ்சதோன்னு பயந்தேன், பிடி விட்ட சத்தம்தான். குழியோட பலகை ஓரத்துப் பக்கம் மட்டும் அரிசி அளவுக்கு ஒரு சில்லு எடுத்துக்கிட்டு வந்திருக்கு. உள்சுவரை விரலால தொட்டா தூள் உதிருது. புது வில்லை இதுல நிக்குமா?

உளிச்சத்தம்

சில்லு பரவாயில்ல. குழி மையத்துக்கும் பலகை ஓரத்துக்கும் எவ்வளவு தூரம்னு அளங்க, 24-ஓ 34-ஓ மி.மீ. இருக்கும்.

நிலாமுற்றம்

24.

உளிச்சத்தம்

அப்ப குழிச் சுவருக்கும் ஓரத்துக்கும் நடுவுல 16.5 மி.மீ. பலகை இருக்கு. போல்ட் இழுக்கும்போது வில்லை சாய்றது அந்தச் சுவர் மேலதான், அது கெட்டியானா போதும்.

உதிர்ற தூளை எல்லாம் பிரஷ்ஷால எடுத்துடுங்க. தண்ணி மாதிரி மெல்லிசா இருக்கிற சூப்பர் குளூவை அந்தச் சுவர்ல சொட்டுச் சொட்டா விடுங்க, குடிக்கிற வரைக்கும். குழியில தேங்க விடாதீங்க, கண்ணாடி போட்டுக்கோங்க, ஜன்னலைத் திறந்து வையுங்க, புகை கண்ணை எரிக்கும். ராத்திரி முழுக்க விட்டுடுங்க. சில்லு போன இடத்துக்கு மட்டும் ரெண்டு டியூப் எபாக்ஸியில கொஞ்சம் மரத்தூளைக் குழைச்சு அப்பிக்கோங்க. வெள்ளைப் பசையை இங்க போடாதீங்க, அதுல இருக்கிற தண்ணியே மறுபடி உப்ப வைக்கும். காஞ்சதும் புது வில்லையை விரலால வெச்சுப் பாருங்க. இடிச்சா உப்புக் காகிதத்தை ஒரு பேனா மேல சுத்தி லேசா தேயுங்க.

வில்லை வாங்கும்போது பழசைக் கையில எடுத்துட்டுப் போங்க. விட்டம் எல்லாம் 15-தான், ஆனா 16 மி.மீ. பலகைக்கு வேற உயரம், 18-க்கு வேற உயரம். போல்ட் பலகைக் கனத்தோட நடுவுல வரும், அந்த உயரம் மாறினா தலை பள்ளத்துல சிக்காது. போல்ட்டையும் பாருங்க, கழுத்து லேசா வளைஞ்சிருந்தாலும் மாத்திடுங்க. நெம்பல் வாங்கின போல்ட் அது.

லேத்_மணி

உளி, உப்பின பலகையில கனம் 18 இருக்காதே? மையம் விலகுமே.

உளிச்சத்தம்

அது ஒரு நியாயமான சந்தேகம். அந்த மூலையில காலிபர் வெச்சுப் பாருங்க நிலாமுற்றம். அரை மி.மீ. வரைக்கும் கூடியிருந்தா ஓரளவு சமாளிக்கும். 19-ஐத் தாண்டிட்டா வில்லை பிடிச்சாலும் தட்டு பக்கப் பலகையோட தளம் சேராது. அந்த நிலையில இந்த மூலையை மினிஃபிக்ஸை நம்பி விடாம, உள்பக்கம் ஒரு எல் பிராக்கெட் போடுறதுதான் என் கட்சி.

லேத்_மணி

நான் அந்த 19-லயும் ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டுத்தான் பிராக்கெட்டுக்குப் போவேன்.

நிலாமுற்றம்

காலிபர் 18.6 காட்டுது. நடுவுல நிக்கிறேன் போல. பசை காயட்டும், புது வீட்டுல பூட்டும்போது சொல்றேன்.

கனடாக்காரன்

ஹேர் டிரையர் பிடிச்சதிலை ஒரு டவல் விட்டிட்டுது. மற்றது அசையேல்ல. வெள்ளைப் பசை இல்லாமல் வேறை பசை எண்டால் சூட்டுக்கு இளகாதோ?